பச்சை மனிதன் மின்னத் தொடங்கினால் எத்தனை விநாடி மிச்சம்? மெதுவாக நடப்பவருக்கான கணக்கு

கேள்வி: சிங்கப்பூரில் அம்மாவோடு இருக்கிறேன். அவருக்கு 78 வயது, கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். வீட்டுக்குப் பக்கத்துச் சந்திப்பில் ஆறு தடச் சாலை. பொத்தானை அழுத்திக் காத்திருந்து, பச்சை விழுந்ததுமே கிளம்பினாலும் பாதி தாண்டும் முன்பே பச்சை மனிதன் மின்ன ஆரம்பித்துவிடுகிறான். இந்த நேரத்தை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்க வழி உண்டா?

பதில்:

பாதியில் மின்னுவது கோளாறு இல்லை. அகலமான சாலையில் யார் நடந்தாலும், இளைஞரே ஆனாலும், பாதி வழியில் அது மின்னத்தான் செய்யும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: மின்னல் நின்று சிவப்பு மனிதன் வரும் விநாடியில் அம்மா எதிர்க்கரையில் ஏறியிருக்கிறாரா, இல்லையென்றால் எத்தனை மீட்டர் பாக்கி? அதைச் சொல்லிவிட்டால் மற்ற எல்லாம் வகுத்தல் கணக்குதான்.

நடப்பவருக்கான பச்சையில் இரண்டு துண்டுகள் உண்டு. முதல் துண்டில் பச்சை மனிதன் ஆடாமல் நிற்பான். இது ஓரத்தில் காத்திருப்பவர் விளக்கைக் கவனித்து, சாலையில் கால் வைப்பதற்கு மட்டும் கொடுக்கும் நேரம். ஆகவே சாலையின் அகலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கப் போக்குவரத்துச் சிக்னல் விதிநூலில் இது வழக்கமாக 7 விநாடிக்குக் குறையக்கூடாது, நெருக்கடியான இடங்களில் 4 வரை இறங்கலாம். பள்ளி வாசலிலோ ரயில் நிலையத்திலோ கூட்டம் அதிகம் நிற்கும் என்றால், கடைசி வரிசைக்காரரும் இறங்கும் அளவுக்கு இதைக் கூட்டுவார்கள். இரண்டாம் துண்டுதான் மின்னும் நேரம். ஏற்கெனவே இறங்கிவிட்டவர் எதிர்க்கரை போய்ச் சேர்வதற்கான நேரம் இது. முதல் துண்டின் கடைசி விநாடியில் கால் வைத்தவரும் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் இதன் இலக்கணம். அதனால்தான் மின்னும்போது புதிதாக இறங்கக்கூடாது என்கிறார்கள். பச்சையின் முதல் விநாடியிலேயே இறங்கும் உங்கள் அம்மாவுக்கு இரண்டு துண்டும் சேர்ந்து கிடைக்கிறது. பாதியில் வந்து இறங்குபவருக்குக் கிடைக்காது. மெதுவாக நடப்பவர் எப்போதும் பச்சையின் தொடக்கத்தில் மட்டுமே இறங்க வேண்டும், ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பச்சையை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும் என்பது இந்த ஒரே காரணத்தால்தான்.

மின்னும் நேரத்தின் கணக்கு இதுதான்: கடக்கும் தூரத்தை நடை வேகத்தால் வகுக்க வேண்டும். தூரத்தை நாடாவால் அளந்துவிடலாம். வேகத்தை யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டும். சண்டையெல்லாம் அங்கேதான்.

பல பத்தாண்டுகளாகப் பல நாடுகளில் புழங்கிய எண் விநாடிக்கு 1.2 மீட்டர். இந்தியப் போக்குவரத்துப் பொறியியல் பாடநூல்களிலும் இதுதான் இருக்கிறது. அமெரிக்காவில் இதை விநாடிக்கு 4 அடி என்று எழுதிவந்தார்கள். 2009-ஆம் ஆண்டு விதிநூலில் அதை 3.5 அடியாக, அதாவது ஏறத்தாழ 1.07 மீட்டராகக் குறைத்தார்கள். எண்ணில் சின்ன மாற்றம்தான். ஆனால் 23 மீட்டர் சாலையில் அது 19 விநாடியை 22 ஆக்குகிறது. கைத்தடியோடு நடப்பவருக்கு மூன்று விநாடி என்பது அரைத் தடத்துக்கும் மேல்.

இந்த வேகம் சராசரி மனிதரின் வேகமாக இருக்கக்கூடாது. சராசரியை எடுத்தால், கடப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைவிட மெதுவாக நடப்பவர்கள். ஆகவே நூறு பேரை வேக வரிசையில் நிறுத்தி, மெதுவான முனையிலிருந்து 15-ஆவது ஆளின் வேகத்தை எடுப்பது வழக்கம். 1996-இல் அமெரிக்காவில் சாலைகளில் நின்று அளந்த ஓர் ஆய்வில் 65 வயதுக்குக் குறைந்தவர்களின் அந்த 15-ஆவது இடம் 1.25 மீட்டராகவும், 65-ம் அதற்கு மேலும் ஆனவர்களின் இடம் 0.97 மீட்டராகவும் வந்தது. மூத்தோரின் சராசரி வேகமோ 1.25 மீட்டர். அதாவது இளையவர்களில் மெதுவாக நடப்பவரும் மூத்தோரில் சராசரியாக நடப்பவரும் ஒரே வேகத்தில் போகிறார்கள். 1.2 என்ற எண் யாருக்காக எழுதப்பட்டது என்பது இதிலேயே தெரிகிறது.

இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சாலையில் நின்று அளந்தால், சாலைக்கு வந்தவர்களைத்தான் அளக்க முடியும். கடக்க முடியாது என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டவர், அல்லது அந்தச் சந்திப்பைத் தவிர்த்து வேறு வழியாகச் சுற்றிப் போகிறவர், கணக்கில் வருவதே இல்லை. 2012-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் சுகாதாரக் கணக்கெடுப்பில் பங்கேற்ற 65 வயதுக்கு மேற்பட்ட மூவாயிரத்துக்கும் அதிகமானோரின் நடை வேகத்தை எடுத்துப் பார்த்தார்கள். இவர்கள் வீட்டிலேயே அளக்கப்பட்டவர்கள். ஆண்களின் சராசரி 0.9 மீட்டர், பெண்களின் சராசரி 0.8. ஆண்களில் 84 விழுக்காட்டினரும் பெண்களில் 94 விழுக்காட்டினரும் 1.2 மீட்டரை எட்டவில்லை. சாலையில் அளந்த எண்ணுக்கும் வீட்டில் அளந்த எண்ணுக்கும் உள்ள இந்த இடைவெளியில் பெரும்பங்கு, வெளியே வராமல் போனவர்களுடையது என்றே நான் நினைக்கிறேன். நேரம் போதாத சிக்னல் மெதுவாக நடப்பவரை அங்கிருந்து விரட்டிவிடுகிறது. பிறகு அங்கே வந்து அளப்பவர், இங்கே எல்லோரும் வேகமாகத்தானே நடக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போவார்.

நடை வேகத்தில் சேராத இன்னொரு செலவு, கிளம்பும் தாமதம். விளக்கு மாறியதைப் பார்த்து, இரண்டு பக்கமும் திரும்பி வண்டி நின்றுவிட்டதா என்று உறுதி செய்து, முதல் காலை எடுத்து வைக்கும் வரை ஆகும் நேரம். அதே 1996 ஆய்வில் மூத்தோருக்கு இது சராசரியாக 2.5 விநாடி. நூறில் 85 பேர் வரை கணக்கில் எடுத்தால் 3.8 விநாடி. கைத்தடியைச் சரிவில் ஊன்றி இறங்குபவருக்கு இதை 4 என்றே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் சந்திப்பைப் போன்ற ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு தடம், ஒவ்வொன்றும் 3.5 மீட்டர், நடுவில் 2 மீட்டர் அகல நடுத்திட்டு. ஒரு பக்கச் சாலை 10.5 மீட்டர். மொத்தம் 23 மீட்டர். மின்னும் நேரம் 20 விநாடி, அதற்கு முன் நிலையான பச்சை 6 விநாடி, ஆக 26 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 23-ஐ 20-ஆல் வகுத்தால் 1.15 வருகிறது. இந்தச் சிக்னல் தன் முன்னால் நிற்பவரிடம் எதிர்பார்க்கும் வேகம் இதுதான். எந்தச் சிக்னலிலும் சாலை அகலத்தை மின்னும் விநாடிகளால் வகுத்தால் அது ஒளித்து வைத்திருக்கும் வேகம் வெளியே வந்துவிடும். இதற்கு யாரிடமும் ஆவணம் கேட்க வேண்டியதில்லை.

அம்மாவின் வேகம் 0.7 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். கிளம்ப 4 விநாடி. முதல் பக்கத்தின் 10.5 மீட்டருக்கு 15 விநாடி. 19-ஆவது விநாடியில் நடுத்திட்டைத் தொடுவார். திட்டின் 2 மீட்டரைத் தாண்ட 3 விநாடி, ஆக 22. அங்கிருந்து இறங்கினால் இன்னும் 15 விநாடி வேண்டும், மொத்தம் 37. கையில் இருப்பதோ 26. எனவே நடுத்திட்டின் மறு விளிம்புக்கு வரும்போது மீதி 4 விநாடி. நிற்காமல் இறங்கிவிட்டால் சிவப்பு மனிதன் வரும்போது அவர் இரண்டாம் பக்கத்தில் சுமார் 3 மீட்டர்தான் போயிருப்பார். இன்னும் ஏழரை மீட்டர், இரண்டு தடத்துக்கும் மேல், முன்னால் கிடக்கும். சிவப்பு மனிதனுக்கும் வண்டிகளின் பச்சைக்கும் இடையே சில விநாடி இடைவெளி வைப்பார்கள். ஆனால் அது கவனக்குறைவுக்கான காப்பு. பதினொரு விநாடிக் கடனை அது அடைக்காது.

இந்தக் கணக்கிலிருந்து அம்மாவுக்கு நேரடியாகப் பயன்படும் ஓர் எண் கிடைக்கிறது: பாதிச் சாலைக்கு அவருக்கு ஆகும் விநாடி, இங்கே 15. நடுத்திட்டின் விளிம்பில் நின்று, எண்ணிக் குறையும் விளக்கில் 15-க்குக் கீழே காட்டினால் இறங்கக்கூடாது, அடுத்த பச்சைக்கு அங்கேயே காத்திருக்க வேண்டும். 'சீக்கிரம் நடங்க' என்று அவரை அவசரப்படுத்துவதைவிட இந்த ஒரு எண்ணைச் சொல்லிக் கொடுப்பது பாதுகாப்பானது. அவசரப்பட்டால் கால் இடறும் ஆபத்து கூடுகிறது, வேகம் பெரிதாகக் கூடுவதும் இல்லை. ஆனால் நடுத்திட்டில் நிற்க வேண்டுமானால் அங்கே ஒரு பொத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஓரத்தில் வேறு யாராவது வந்து அழுத்தும்வரை அவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். திட்டு 2 மீட்டராவது அகலம் இருந்தால்தான் சக்கர நாற்காலியும் துணைக்கு ஒருவரும் சேர்ந்து நிற்க முடியும்.

அம்மாவின் உண்மையான வேகத்தை வீட்டின் கீழ்த்தளத்திலேயே எடுக்கலாம். தரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு இரண்டு மூன்று அடி முன்னாலிருந்தே நடக்கத் தொடங்கட்டும். கோட்டைத் தாண்டும்போது கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு, இரண்டாவது கோட்டில் நிறுத்துங்கள். சந்தைக்குப் போகும்போது எடுக்கும் பையோடு, அவர் வழக்கமாகப் போடும் செருப்போடு, அவர் போக்கிலேயே நடக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் பேசிக்கொண்டு நடந்தால் அவர் உங்கள் வேகத்துக்கு ஈடு கொடுக்கப் பார்ப்பார், எண் பொய்யாகிவிடும். 10 மீட்டருக்கு 14 விநாடி என்றால் வேகம் 0.7. காலையில் ஒரு முறை, வெளியே போய்த் திரும்பிக் களைத்திருக்கும்போது ஒரு முறை எடுத்து, குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கூடுதல் நேரம். சிங்கப்பூரில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது: கிரீன் மேன் பிளஸ். நிலப் போக்குவரத்து ஆணையம் 2009-இல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடக்கும் இடங்களுக்கு விரிவாக்கியது. பொத்தான் இருக்கும் கம்பத்திலேயே, பொத்தானுக்கு மேலே, அட்டையைக் காட்டும் கருவி ஒன்று இருக்கும். மூத்தோருக்கான பயணச் சலுகை அட்டையை, அதாவது பேருந்தில் தட்டுகிற அதே அட்டையை, அதில் தட்டினால் அந்த ஒரு முறைக்கு மட்டும் பச்சை நேரம் கூடும். உடற்குறை உள்ளவர்களுக்கான அட்டைக்கும் இது வேலை செய்யும். கூடும் அளவு 3 விநாடியிலிருந்து 13 விநாடி வரை. எவ்வளவு என்பது அட்டைக்காரரின் வயதைப் பொறுத்ததல்ல, அந்தச் சாலையின் அகலத்தைப் பொறுத்தது. 61 வயதில் சுறுசுறுப்பாக நடப்பவர் தட்டினாலும் 90 வயதுக்காரர் தட்டினாலும் அந்த இடத்தில் கிடைப்பது ஒரே கூடுதல்தான்.

ஆகவே அட்டை தட்டினால் போதும் என்று முடிவு கட்டிவிடாமல் கணக்கை மீண்டும் போட வேண்டும். மேலே உள்ள சாலையில் 11 விநாடி கூடினால் 26 என்பது 37 ஆகிறது, அம்மாவுக்கு மயிரிழையில் சரி. 8 விநாடிதான் கூடுகிறது என்றால் மொத்தம் 34. நடுத்திட்டின் மறு விளிம்புக்கு 22-ஆவது விநாடியில் வருகிறார், மீதி 12. அவருக்கு வேண்டியது 15. அப்போதும் திட்டில் நிற்க வேண்டியதுதான். உங்கள் இடத்தில் எவ்வளவு கூடுகிறது என்பதை நீங்களே அளந்துவிடலாம்: அட்டை தட்டாமல் ஒரு முறை, தட்டி ஒரு முறை, பச்சை மனிதன் தோன்றுவதிலிருந்து சிவப்பு மனிதன் வரும்வரை நேரம் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கூடுதல். ஒரே மாதிரி நேரத்தில், உதாரணமாக இரண்டையும் காலை பத்து மணிவாக்கில், எடுப்பது நல்லது. எல்லாத் திசைக்கும் ஒரு முறை பச்சை வந்து முடிவதைச் சுழற்சி என்பார்கள், அதன் நீளம் காலை, மாலை என்று மாறும்.

இரண்டு முறையும் ஒரே நேரம் வந்தால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. தட்டியது சாதாரணப் பெரியவர் அட்டையாக இருக்கலாம். மகனோ மகளோ அவசரத்தில் தங்கள் அட்டையைத் தட்டிவிடுவது சகஜம். அல்லது பச்சை வந்த பிறகு தட்டியிருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் பச்சையை நீட்டச் சொல்லும் கருவி அல்ல அது, வரப்போகும் பச்சைக்கான விண்ணப்பம். சிவப்பு மனிதன் நிற்கும்போதே தட்ட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கருவி பழுது.

பொத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலும் மெதுவாக நடப்பவர்தான் அதிகம் அவதிப்படுகிறார். பொத்தானை ஒரு முறை அழுத்தினால் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு கோரிக்கை பதிவாகிவிடும். அது நிறைவேறும்வரை அழியாது. பத்து முறை அழுத்தினாலும் வரிசையில் முன்னால் போகாது. ஆனால் எப்போது அழுத்துகிறீர்கள் என்பது முக்கியம். சிங்கப்பூரில் சிக்னல்கள் கிளைடு என்ற கணினி அமைப்பின் கீழ் ஒன்றோடொன்று இணைந்து ஓடுகின்றன. சந்திப்பில் உங்களுக்கு இணையாகப் போகும் வண்டிகளுக்குப் பச்சை விழும் நொடியில் உங்கள் கோரிக்கை ஏற்கெனவே பதிவாகியிருந்தால் பச்சை மனிதனும் கூடவே வருவான். வண்டிகளின் பச்சை தொடங்கிய பிறகு அழுத்தினால், மிச்சமிருக்கும் பச்சைக்குள் நிலையான துண்டும் மின்னும் துண்டும் முழுதாக அடங்குமா என்ற கேள்வி வருகிறது. அகலமான சாலையில் பெரும்பாலும் அடங்காது. அதனால் உங்கள் பக்கத்து வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்கு மட்டும் சிவப்பு மனிதன் நிற்பான். பொத்தான் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்த நேரத்தில்தான். கெடவில்லை, ஒரு சுழற்சி தள்ளிப்போயிருக்கிறது. சுழற்சி இரண்டு நிமிடம் என்றால் வெயிலில் ஏறக்குறைய அந்த இரண்டு நிமிடமும் நிற்க வேண்டும்.

உங்களால் செய்யக்கூடியது எளிது. அம்மாவோடு போகும்போது நீங்கள் பத்தடி முன்னால் போய் அட்டையைத் தட்டி, பொத்தானையும் அழுத்திவிடுங்கள். அவர் வந்து சேர்வதற்குள் பச்சை வந்துவிட்டால் அதைப் போகவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். பாதிப் பச்சையில் அவரை இறக்காதீர்கள்.

பொத்தான் உண்மையிலேயே பழுதா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அழுத்தியதும் பொத்தான் பெட்டியில் சின்ன விளக்கு எரிந்தால் கோரிக்கை பதிவாகிவிட்டது. எரியவில்லை, இரண்டு முழுச் சுழற்சி கடந்தும் பச்சை மனிதன் வரவில்லை என்றால் பழுது. இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. பொத்தான் உள்ளே அமுங்கியபடியே சிக்கிக்கொள்ளும். அப்போது யாரும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு சுழற்சியிலும் பச்சை மனிதன் வருவான். நடப்பவருக்கு இது நல்லதாகத் தோன்றும், அதனால் யாரும் புகார் செய்வதில்லை.

நேரம் போதாமல் போவதற்கு வேகம் மட்டும் காரணமில்லை, தூரமும் தவறாக அளக்கப்பட்டிருக்கலாம். கணக்கில் வருவது ஓரக்கல்லிலிருந்து ஓரக்கல் வரை நேர்க்கோடு. ஆனால் சந்திப்பு சாய்வாக இருந்தால் நடப்பவர் போகும் கோடு அதைவிட நீளம். சக்கர நாற்காலிக்கான சரிவு, கடக்கும் கோட்டின் ஒரு ஓரத்தில் இருந்தால் கைத்தடிக்காரர் முதலில் பக்கவாட்டில் போய்த்தான் இறங்குவார். பொத்தான் கம்பம் ஓரத்திலிருந்து தள்ளியிருந்தால் அழுத்திவிட்டு அவர் கம்பத்தடியிலேயே நிற்பார், பச்சை வந்த பிறகு ஓரம் வரை வரவே இரண்டு விநாடி போய்விடும். இதைக் கணக்கில் கொண்டுவரத்தான் அமெரிக்க விதிநூலில் இரண்டாவதாக ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். பொத்தானிலிருந்து, அல்லது பொத்தான் இல்லாத இடத்தில் ஓரத்துக்கு 6 அடி பின்னாலிருந்து, எதிர்க்கரை வரை விநாடிக்கு 3 அடி, அதாவது 0.91 மீட்டர் வேகத்தில் நடந்தாலும் மொத்தப் பச்சைக்குள் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் நிலையான பச்சையைக் கூட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், நிலையான பச்சை 7 விநாடி இருக்கும் இடத்தில் சாலை சுமார் 32 மீட்டரைத் தாண்டினால்தான் இந்தச் சோதனை நேரத்தைக் கூட்டுகிறது. நம் 23 மீட்டர் சாலையில் முதல் கணக்கே அதைத் தின்றுவிடுகிறது. நல்ல விதிதான், ஆனால் நடுத்தர அகலச் சாலைகளில் முதியவர்களுக்கு இதனால் ஒரு விநாடிகூடக் கூடுவதில்லை.

தூரத்தில் இன்னொரு வம்பு, சாலையை அகலப்படுத்துவது. ஒரு தடம் கூட்டினால் 3.5 மீட்டர், 0.9 மீட்டர் வேகக்காரருக்கு 4 விநாடி. கோடு புதிதாக அடிக்கப்படும், கம்பம் தள்ளி நடப்படும், பெட்டிக்குள் இருக்கும் பழைய விநாடி மட்டும் மாற்றப்படாமல் போக வாய்ப்புண்டு. மேலே சொன்ன வகுத்தலில் 1.3, 1.4 என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எல்லா நேரத்திலும் எல்லோருக்கும் நீளமான பச்சையே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். மூத்தோர் நிறைய வசிக்கும் பகுதிகளில் அப்படிச் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. அங்கே அட்டையைத் தேடி எடுத்துத் தட்டுவதே ஒரு பாரம். பெரிய சாலைகளில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது, அது நடப்பவரையே திருப்பித் தாக்கும். ஒரு திசையில் 11 விநாடி கூட்டினால் மற்றத் திசைகளின் காத்திருப்பு கூடும். அதைச் சமாளிக்க முழுச் சுழற்சியையும் நீட்டுவார்கள். சுழற்சி நீண்டால் சிவப்பு மனிதனும் நீள்கிறான். காத்திருந்து அலுத்தவர்கள் இடைவெளி பார்த்து இறங்க ஆரம்பிப்பார்கள். தேவைப்படும் சுழற்சியில் மட்டும் நேரம் கூட்டும் முறைகள் இதனால்தான் வந்தன.

அட்டை ஒரு வழி. அமெரிக்காவில் பல இடங்களில் பொத்தானையே 2 விநாடி விடாமல் அழுத்திப் பிடித்தால் கூடுதல் நேரம் கிடைக்கும். அதற்கான அறிவிப்புப் பலகை கம்பத்திலேயே இருக்கும். யாரிடமும் அட்டை தேவையில்லை என்பது இதன் பலம். பலகையைப் படிக்காதவருக்குத் தெரியாமலே போய்விடும், மூட்டுவலிக்காரருக்கு அழுத்திப் பிடிப்பதே சிரமம் என்பது பலவீனம். பிரிட்டனில் பஃபின் என்ற வகைச் சிக்னல் இன்னொரு வழியைப் பிடித்தது. கம்பத்தின் மேலிருக்கும் உணர்கருவி, கடக்கும் பாதையில் இன்னும் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும். இருந்தால், ஓர் உச்சவரம்பு வரை, வண்டிகளின் சிவப்பை நீட்டும். அதில் பச்சை மனிதன் எதிர்க்கரையில் இல்லாமல் பொத்தானுக்கு அருகிலேயே தெரிவான். அதனால் நடுச்சாலையில் விளக்கு மாறுவதைப் பார்த்து முதியவர் பதறுவதில்லை. நீட்டும் நேரம் ஆளின் உண்மையான வேகத்துக்கு ஏற்பக் கிடைப்பதால், மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கடைசியாக, உங்கள் சந்திப்பில் அட்டைக் கருவி இல்லை, அல்லது இருந்தும் நேரம் போதவில்லை என்றால் ஆணையத்துக்கு எழுதலாம். 'நேரம் போதவில்லை' என்று மட்டும் எழுதினால், ஒருவர் வந்து பார்த்து, நிர்ணயித்த நேரம் சரியாக ஓடுகிறது என்று பதில் அனுப்பிவிடுவார். அது பொய்யான பதிலும் அல்ல. இரண்டு சாலைகளின் பெயர், சந்திப்பின் எந்தப் பக்கச் சாலையைக் கடக்கிறீர்கள், பக்கத்து புளோக் எண் அல்லது பேருந்து நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண், அளந்த நாளும் மணியும் எழுதுங்கள். வரைபடச் செயலியில் தூரம் அளக்கும் வசதியால் ஓரத்திலிருந்து ஓரம் வரை எடுத்த அகலம், நிலையான பச்சை எத்தனை விநாடி, மின்னும் பச்சை எத்தனை, அட்டை தட்டினால் எத்தனை என்பதைத் தனித்தனியாகக் கொடுங்கள். அதற்குக் கீழே அம்மாவின் வேகமும், சிவப்பு மனிதன் வரும்போது அவர் எந்தத் தடத்தில் நிற்கிறார் என்பதும். கேட்பதும் துல்லியமாக இருக்கட்டும்: அட்டைக் கருவி வேண்டுமா, மின்னும் நேரத்தை இன்ன வேகத்துக்கு மாற்ற வேண்டுமா, நடுத்திட்டில் பொத்தான் வேண்டுமா. ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நடுத்திட்டுப் பொத்தானைக் கேளுங்கள். அது சுழற்சியைத் தொடாது என்பதால் அவர்கள் ஒத்துக்கொள்வது எளிது. அம்மாவின் நடை இன்னும் மெதுவாகிப்போனாலும் அது அவருக்குப் பயன்படும்.